ஆளுக்கு ஆறு வரி

பாபநாசம் தபால் நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் கடிதம் பிரித்தவன் நான். என் கைவழியே போன கடிதங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினால் இங்கிருந்து நாகூர் வரைக்கும் போய், கடலிலும் கொஞ்ச தூரம் மிதக்கும். இதை நான் சொன்னால் என் மனைவி நம்பமாட்டாள். மற்றவர்கள் நம்புவார்கள். அவர்கள் நம்பியதுதான் 2008 ஆகஸ்ட் எட்டாம் தேதி பெரிய வினையாக வந்து முடிந்தது.

புளியக்குறிச்சி கூட்டுப்பண்ணைச் சங்கத்தில் நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். அவர்கள் உழுவது ஒரு பெரிய அறக்கட்டளையின் நூற்றுத் தொண்ணூறு ஏக்கர். உச்சவரம்புச் சட்டம் வந்த காலத்தில் அடிதடி, வழக்கு, வேலைநிறுத்தம் எல்லாம் ஆகி, கடைசியில் சங்கத்துக்குக் குத்தகையாக வந்த நிலம். ஆட்சி மாறி மாறி வந்தது. இரண்டு கழகத்துக்காரர்களும் வந்து மாலை போட்டுக்கொண்டு, நிலம் உங்களுக்கே என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். மைக் செட்டுக்காரனும் சங்கத்து உறுப்பினர்தான் என்பதால் அவன் மட்டும் லாபம் பார்த்தான். அறக்கட்டளையோ, சங்கம் செத்துப்போய்விட்டது, கூட்டம்கூட முறையாக நடத்தத் தெரியவில்லை, நிலத்தைத் திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டது.

முந்தின வருஷம் நடந்த கூட்டம் செல்லாது என்று தீர்ப்பு. காரணம், பத்தொன்பது பேருக்கு அழைப்பு போய்ச் சேரவில்லை. இந்தத் தடவை நீதிமன்றம் கடைசி வாய்ப்பாகத் தேதியையும் தானே குறித்துவிட்டது. ஆகஸ்ட் முப்பது பொதுக்குழு. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு உறுப்பினருக்கும், பதிவேட்டில் உள்ள முகவரிக்கே, முழுதாக இருபத்தோரு நாள் இடைவெளி விட்டு அழைப்பு தபாலில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். எட்டாம் தேதி தபால் முத்திரை விழுந்தால் சரி. ஒன்பதாம் தேதி விழுந்தால் நிலம் போச்சு.

சங்கச் செயலாளர் தங்கமணி. பி.காம். படித்தவள், முப்பத்து நாலு வயசு. தாத்தா பண்ணையாள், அப்பா குத்தகைக்காரர், இவள் செயலாளர். அவள் குடும்பத்துக்கு அந்த நூற்றுத் தொண்ணூறில் ஒன்றே கால் ஏக்கர். ஏழாம் தேதி சாயங்காலம் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினாள்.

"அய்யா, நாளைக்கு அழைப்பு அனுப்புறோம். நீங்க கூட இருந்தா தைரியமா இருக்கும்."

"நானூறு கவர்தானம்மா. என் சர்வீஸ்ல அதை மூக்கைச் சிந்துற நேரத்துல முடிச்சிருக்கேன்" என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பாபநாசம் கடைத்தெருவில் மீரா உசேனின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தோம். மீரா உசேன் பன்னிரண்டு வருஷம் ஷார்ஜாவில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணினியில் உட்கார்ந்துவிட்டு வந்தவர். கடையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், கல்யாணப் பத்திரிகை மாதிரிகள், மூலையில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அந்தப் பிரிண்டர் அடிக்கத் தொடங்கினால் கறவை மாடு பால் சுரப்பதை நிறுத்திவிடும் என்று எதிர்க்கடைப் பால்காரர் புகார் கொடுத்தே இருக்கிறார். கொடுக்கவில்லை என்றால் இனிமேல் கொடுப்பார்.

கூட வந்தது ராமாயி. தங்கமணிக்கு அத்தை முறை. நடவுக்கு ஆள் கட்டிக்கொண்டு போகிறவள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் நாற்று முடியை எண்ணுவதில் அவளோடு போட்டி போட்டவன் யாரும் ஜெயித்ததில்லை.

வேலை எப்படி என்றால், தங்கமணி இரண்டு வருஷமாக உறுப்பினர் முகவரிகளை எல்லாம் சங்கத்துக் கம்ப்யூட்டரில் மின்னஞ்சல் முகவரிப் புத்தகத்தில் அடித்து வைத்திருந்தாள். பெயர் ஒரு கட்டம், தெரு ஒரு கட்டம், ஊர் ஒரு கட்டம், வட்டமும் மாவட்டமும் ஒரு கட்டம், பின்கோடு ஒரு கட்டம். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு நாட்டுப் பெயர் பின்கோடோடு சேர்ந்தே இருந்தது. சிங்கப்பூரில் இருக்கிறவனும் படிக்க வேண்டுமே என்று எல்லாம் ஆங்கிலத்தில். அந்தப் புத்தகத்தைக் கமா போட்டுப் பிரித்த ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து, பென் டிரைவில் கொண்டுவந்திருந்தாள். ஒரு ஆளுக்கு ஒரு நீள வரி.

அந்த நீள வரியைத் துண்டு போட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் மேக்ரோ என்ற சின்னக் கணினி நிரல் மீரா உசேனிடம் இருந்தது. ஒட்டும் சீட்டு, மடிப்பு மடிப்பாக வரும் நீளத் தொடர் தாள். ஓரத்தில் ஓட்டை, நடுவில் சீட்டு, ஒன்றுக்குக் கீழ் ஒன்று. சீட்டின் தலையிலிருந்து அடுத்த சீட்டின் தலைவரை சரியாக ஒரு அங்குலம். பிரிண்டர் ஒரு அங்குலத்தில் ஆறு வரி அடிக்கும். ஐந்து வரி முகவரி, ஆறாவது வரி வெறுமை. அடுத்த ஆள் அடுத்த சீட்டு. சீட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதெல்லாம் பிரிண்டருக்குத் தெரியாது. அது வரி வரியாக இறங்கிக்கொண்டே போகும்.

"ஆளுக்கு ஆறு வரிங்கய்யா. கணக்கு அவ்வளவுதான்" என்றார் மீரா உசேன்.

பத்தரைக்குத் தொடங்கி கால் மணி நேரத்துக்கு மேல் கத்திவிட்டு ஓய்ந்தது பிரிண்டர். மீரா உசேன் தாளை அப்படியே மடிப்பு கலையாமல் என் கையில் கொடுத்தார். "பாத்துச் சொல்லுங்கய்யா, நீங்கதான் எக்ஸ்பர்ட்டு."

இங்கேதான் நான் செய்தது. தபாலில் ஒரு கட்டு வந்தால் மேல் கடிதத்தையும் அடிக் கடிதத்தையும் பார்ப்போம். இரண்டும் ஒரே ஊர் என்றால் கட்டு அந்த ஊர்க் கட்டு, பைக்குள் போடு. முப்பத்தெட்டு வருஷம் அப்படியே பிழைத்தவன். தாளின் முதல் சீட்டைப் பார்த்தேன். மேலத்தெரு, கதவு எண், ஊர், எல்லாம் கல்வெட்டு மாதிரி அதன் அதன் இடத்தில். கடைசிச் சீட்டைப் பார்த்தேன். சிங்கப்பூர், முத்து முத்தாக. "அட்டகாசம். ஒட்டலாம்" என்று உத்தரவு போட்டேன்.

வேலையைப் பங்கு போட்டதும் என் யோசனையே. நான் தாளின் தலைப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு கீழே வருவேன். தங்கமணி கடைசியிலிருந்து ஒட்டிக்கொண்டு மேலே வருவாள். அழைப்பு எல்லாம் ஒரே மாதிரி, மடித்துக் கவரில் போட்டு அஞ்சல் தலை ஒட்டித் தயாராக நானூற்றுப் பன்னிரண்டு. எந்தக் கவரில் எந்தச் சீட்டு என்ற கவலை இல்லை. ராமாயி கவரை எடுத்து எடுத்துக் கொடுப்பாள்.

பன்னிரண்டே முக்கால் இருக்கும். தங்கமணி என்னைவிட வேகம், இருநூறுக்கு மேல் ஒட்டியிருந்தாள். நான் கதை சொல்லிக்கொண்டே ஒட்டியதால் நூற்று முப்பது.

மீந்த கவரையும், நடுவில் மீந்திருந்த மடிப்புத் தாளையும் ராமாயி கையில் எடுத்தாள். மடிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் நாற்று முடி மாதிரி ஒரு ஓட்டு ஓட்டினாள்.

"தங்கமணி, கவர் அறுபது கெடக்கு. சீட்டு அம்பத்து மூணுதான் இருக்கு."

"தப்பா எண்ணியிருப்பே" என்றேன் நான்.

"மடிப்புக்கு பன்னெண்டு. நாலு மடிப்பு, மேல அஞ்சு. நீங்க எண்ணுங்க தபால்காரரே."

எண்ணினேன். ஐம்பத்து மூன்று. மறுபடி எண்ணினேன், இந்தத் தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டு. ஐம்பத்து மூன்று. கவரை எண்ணினேன். அறுபது.

"கண்ணாடியில குத்தமில்லைங்க" என்றாள் ராமாயி.

தங்கமணி எழுந்தாள். முகம் சுருங்கிவிட்டது. "ஏழு பேர் இல்லை. பாய், லிஸ்ட்டு காட்டுங்க."

கணினியில் பட்டியலைத் திறந்தார் மீரா உசேன். கடைசி வரி நானூற்றுப் பன்னிரண்டு. தபாலில் சேர்த்ததற்கான சான்றுக்கென்று காலையிலேயே தாளில் அடித்து வைத்த பட்டியலிலும் நானூற்றுப் பன்னிரண்டு. பட்டியலில் எல்லாரும் இருக்கிறார்கள், சீட்டில் ஏழு பேர் காணாமல் போயிருக்கிறார்கள். போன வருஷம் பத்தொன்பது, இந்த வருஷம் ஏழு.

பிறகு தங்கமணி மெதுவாகக் கேட்டாள்.

"பாய், நேத்து ராஜாங்கம் உங்க கடைக்கு வந்தாரே, எதுக்கு?"

ராஜாங்கம் அறக்கட்டளையின் காரியஸ்தர். நில அளவைக்காரனின் சங்கிலியையே நீட்டிவிடக் கூடியவர் என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

மீரா உசேன் நாற்காலியிலிருந்து திரும்பவில்லை. "ஜெராக்ஸ் எடுக்க வந்தார்."

"எதை?"

"அவர் பேப்பரை. இந்தக் கடையில ஜெராக்ஸ் எடுக்க வர்றவங்ககிட்ட எந்தக் கட்சின்னு கேட்டா நான் கடைய மூடிட்டுத் திரும்ப ஷார்ஜா போவேண்டியதுதான்."

"ஏழு பேர் எங்கன்னு கேக்குறேன்."

"நான் தின்னுட்டேன்னு சொல்றீங்களா?"

"தங்கமணி" என்றேன். தலையையும் வாலையும் பார்த்து அட்டகாசம் என்று சொன்னவன் நான்தானே. அந்த நேரத்தில் என் நாக்கு, உப்பு போட்ட அட்டை மாதிரி சுருண்டுகொண்டது.

மீரா உசேன் எழுந்து வந்து, மீந்த தாளை ராமாயி கையிலிருந்து வாங்கி, சர்ரென்று தரையில் விரித்தார். நான்கு அடிக்கும் மேலே நீண்டு கிடந்தது. எல்லாரும் குனிந்தோம்.

முதல் பத்துச் சீட்டும் ஒழுங்கு. பதினோராவது சீட்டில் பெயர், ஊர், வட்டம், பின்கோடு, ஒரு வெற்று வரி. அதன் கீழே, ஒரு சீட்டும் அடுத்த சீட்டும் சேரும் இடத்தில், இன்னொருவர் பெயர். பன்னிரண்டாவது சீட்டு பெயரே இல்லாமல் ஊரோடு தொடங்கியது. பதிமூன்றாவது வட்டத்தோடு தொடங்கியது. பதினான்காவதில் ஒருவரின் பின்கோடு உச்சியில், வேறொருவரின் பெயர் நடுவில். அப்படியே ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி மேலே ஏறிக்கொண்டு போய், பிறகு திடீரென்று ஒரு இடத்தில் சரியாகி, உடனே மறுபடி ஏறியது. முப்பத்தைந்து சீட்டு அந்தக் கூத்து. கடைசி எட்டுச் சீட்டும் எதுவுமே நடக்காத மாதிரி சுத்தமாக இருந்தன.

"யாரும் காணாமப் போகல" என்றார் மீரா உசேன். "நெருக்கி வச்சிருக்கு."

"என்ன நெருக்கி?"

"தெரு கட்டம் காலி. அது காலின்னா மேக்ரோ அந்த வரியை அடிக்காம அடுத்ததுக்குப் போயிடும். அஞ்சு வரி நாலாகுது, வெறும் வரியோட அஞ்சு. ஆறு வரணும், அஞ்சுதான் வருது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி கொறையுது." அவர் விரலால் தாளில் எண்ணிக்கொண்டே போனார். "நூத்தி நாப்பத்தி ஒண்ணுல தொடங்கி நூத்தி எம்பத்தி ரெண்டு வரைக்கும். நாப்பத்தி ரெண்டு பேர். நாப்பத்தி ரெண்டு வரின்னா ஏழு சீட்டு. ஆறால மிச்சமில்லாம வகுபட்டுட்டதால கடைசி சரியா வந்து உக்காந்துடுச்சு."

நாற்பத்தொன்றாக இருந்தால் வால் பிசகியிருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். சரியாக ஆறால் வகுபட வேண்டும் என்று எனக்கென்றே எழுதி வைத்திருக்கிறது.

"காலியா இருந்தா விடுன்னு எதுக்குங்க எழுதினீங்க?" என்றேன்.

"கல்யாணப் பத்திரிகை முகவரிக்கு எழுதினது. அது ஏ ஃபோர் தாள்ல கட்டம் போட்டு வரும். அதுல ஒரு வரி கொறைஞ்சா அந்தக் கட்டத்துக்குள்ளதான் கொறையும், அடுத்தவனைத் தொடாது. பொண்ணு வீட்டுக்காரங்க நடுவுல ஓட்டை இருந்தா சண்டைக்கு வருவாங்க. இந்தத் தொடர் தாள்ல கட்டமும் இல்ல, சுவரும் இல்ல. நான் யோசிக்கல." அவர் தங்கமணியைப் பார்க்காமல் சொன்னார். "அது என் தப்புதான். ராஜாங்கம் தப்பு இல்ல."

தங்கமணி அந்த நாற்பத்திரண்டு பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே தெரு. அவள் தெரு. ராமாயியின் தெருவும் அதுதான்.

"என் தப்பும் இருக்கு பாய்" என்றாள். "தெருவை நான்தான் விட்டேன்."

பழைய பதிவேட்டில் அந்தத் தெருவுக்கு ஒரு பெயர் இருந்தது. அரசாங்கம் தெருப் பலகையில் சாதியை அழிக்கச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் சங்கத்துப் பதிவேட்டில் மட்டும் அழியாமல் இருந்த பெயர். இரண்டு வருஷத்துக்கு முன் பதிவேட்டைப் புதிதாக எழுதியபோது, அந்தக் கட்டத்தைத் தங்கமணி காலியாக விட்டாள். அந்தப் பெயரை என் கையால் எழுதமாட்டேன் என்றாள். வேறு பெயர் வைக்க ஊராட்சியில் மனு கொடுத்திருந்தார்கள், அது அங்கேயே கிடந்தது. நாற்பத்திரண்டு பேரும் காலிக் கட்டத்துக்கு நேரே கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள்.

"இப்ப என்ன, காலனித் தெருன்னு போட்டுடுவோம். சீக்கிரமா முடியும்" என்றேன் நான். ஆபத்து நேரத்தில் எனக்கு எப்போதும் எளிய வழிதான் தோன்றும்.

"கூடாதுங்கய்யா. பதிவேட்டுல உள்ள முகவரிக்கே அனுப்பணும்னு உத்தரவு. ராஜாங்கம் வக்கீல் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பார். பதிவேட்டுல காலின்னா சீட்டுலயும் காலி."

"அப்ப எப்படி?"

மீரா உசேன் கணினி முன் உட்கார்ந்துவிட்டார். "காலியும் ஒரு வரிதான். அடிக்கணும். அவ்வளவுதான் மாத்தணும். ரெண்டு வழி இருக்கு. இருக்கிற நாலு வரியை மேல அடிச்சுட்டு காலி வரியைக் கடைசியில சேத்துடலாம், பாக்க நல்லா இருக்கும். இல்லேன்னா தெரு இருக்க வேண்டிய எடத்துலயே காலியா விடலாம். ரெண்டுலயும் ஆறு வரி வந்துடும்."

"கடைசியில சேருங்க. நடுவுல பொத்தல் இருந்தா பாக்கிறவன் கண்ணு அங்கதான் போவும்" என்றேன்.

"எடத்துலயே விடுங்க பாய்" என்றாள் தங்கமணி.

"ஏம்மா?"

"நாளைக்குப் பேர் வச்சா எழுத எடம் வேணும்ல."

மணி ஒன்று இருபது. நாற்பத்திரண்டு பேருக்கு மட்டும் மறுபடி அடித்தால் போதும். முன்னால் உள்ளவர்கள் சரி, பின்னால் உள்ளவர்களும் சரி. அந்த வருஷம் பகலில் இரண்டு மணி நேர மின்வெட்டு. எங்கள் பக்கத்துக்கு இரண்டு முதல் நான்கு. தபால் நிலையத்தில் சான்று வாங்கும் கவுண்டர் நான்குக்கு மூடும். நான்கு மணிக்கு மின்சாரம் வந்து பிரிண்டர் கத்தினால் யாருக்கு என்ன பயன்.

மீரா உசேன் மேக்ரோவில் ஒரு வரியை எடுத்தார், ஒரு வரியைச் சேர்த்தார். "சோதிக்காம சீட்டுல அடிக்கமாட்டேன்" என்று வெள்ளைத் தாளை மாட்டி மூன்று பேருக்கு அடித்தார். ஸ்கேலை வைத்து அளந்தார். முதல் பெயரிலிருந்து இரண்டாம் பெயர் ஒரு அங்குலம், இரண்டிலிருந்து மூன்று ஒரு அங்குலம். ராமாயியும் குனிந்து தன் விரல்கணுவால் அளந்து பார்த்துக்கொண்டாள்.

"இது நெசமா ஒத்த அளவா இருக்கு" என்றாள்.

சீட்டுத் தாளை மாட்டி, முதல் சீட்டின் தலையைப் பிரிண்டரின் ஊசிக்கு நேராக வைத்தார். மணி ஒன்று முப்பத்தெட்டு. விசையைத் தட்ட விரலை வைத்தார்.

மின்சாரம் போனது.

இரண்டு மணிக்குப் போக வேண்டியது. அந்த ஒரு நாளில் மின்சார வாரியம் இருபத்திரண்டு நிமிடம் சுறுசுறுப்பாக இருந்தது. மின்விசிறி நின்று, கணினியின் அடியில் யூபிஎஸ் பீப் பீப் என்று அழத் தொடங்கியது. திரையில் வெளிச்சம் இருந்தது. பிரிண்டர் செத்துக் கிடந்தது.

"பிரிண்டர் யூபிஎஸ்ல இல்ல" என்றார் மீரா உசேன். மேசைக்கு அடியில் புகுந்தார். கணினியையும் திரையையும் தவிர மற்றதை எல்லாம் பிடுங்கிப் போட்டார், ஜெராக்ஸ், ஸ்பீக்கர், எனக்குத் தெரியாத ஒரு டப்பா. பிரிண்டரின் கம்பியை இழுத்தார், நீளம் பற்றவில்லை. நானும் ராமாயியும் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் மேசையின் விளிம்பில் வைத்தோம். அதன் எடை யானைக்குட்டி. தாள் ஓட்டையிலிருந்து நழுவி இறங்கியது, தங்கமணி மறுபடி பிடித்து நேராக்கினாள்.

"பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?"

"புதுசா இருக்கறப்ப கால் மணி நேரம். இப்ப அது கெழவன்."

"கெழவனைச் சொல்லாதீங்க" என்றேன், வாய் பழக்கத்தில்.

பிரிண்டர் உயிர் பெற்றது. அடிக்கத் தொடங்கியது. பெயர், வெறுமை, ஊர், வட்டம், பின்கோடு, வெறுமை. தங்கமணி வாய்விட்டு எண்ணினாள். ஒன்று. இரண்டு. யூபிஎஸ் அழுகை வேகமாகிக்கொண்டே வந்தது. பத்து. இருபது. ஒவ்வொரு சீட்டும் சரியாக அதன் இடத்தில் வந்து நின்றது. முப்பத்தைந்து. அழுகை இப்போது இடைவெளியே இல்லாமல் ஒரே ஊளை. முப்பத்தாறு. முப்பத்தேழாவது சீட்டின் பின்கோடு அடித்து முடிந்த நேரத்தில் திரை, பிரிண்டர், ஊளை எல்லாம் ஒரே சமயம் நின்றன.

அந்த அமைதியை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது அடைக்கிறது.

"அஞ்சு பேர் பாக்கி" என்றாள் தங்கமணி. "யார் யார்னு தெரியுமா?"

"சான்றுப் பட்டியல் தாள்ல இருக்கே" என்று நான் அந்தக் காகிதத்தை எடுத்தேன். நூற்று எழுபத்தெட்டு முதல் நூற்று எண்பத்திரண்டு வரை. வெற்றுச் சீட்டு ஐந்தைக் கிழித்தேன். முப்பத்தெட்டு வருஷம் மற்றவர் எழுத்தைப் படித்தவன், அன்று நானே எழுதினேன், தபால் நிலையத்தில் பைச் சீட்டுக்கு எழுதும் பெரிய எழுத்தில். பெயர். ஒரு வரி விட்டேன். ஊர். வட்டம். பின்கோடு.

"நூத்தி எம்பது யாரு?" என்று எட்டிப் பார்த்தாள் ராமாயி.

"நீதான்."

"நல்லா எழுதுங்க. என் பேரு பெரிசு."

மூன்று மணிக்கு ஒட்டி முடித்தோம். அறுபது கவர், அறுபது சீட்டு. ராமாயி அத்தனை கவரையும் ஒருமுறை எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு. கெட்டுப்போன முப்பத்தைந்து சீட்டைத் தங்கமணி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒட்டுவதற்கு யாரும் எடுத்துவிடக்கூடாதே என்றாள். கிளம்பும்போது மீரா உசேனிடம் வந்தாள்.

"பாய், நான் கேட்டது தப்பு."

"கவரை எடுங்க. மத்ததை முப்பதாம் தேதிக்கு அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அவர். சிரிக்கவில்லை. ஆனால் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு மூட்டையில் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களோடு வந்தார்.

தபால் நிலையத்தில் ராஜாங்கம் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் சின்ன நோட்டு. அன்று தபால் தலை வாங்க வந்தவர் மாதிரி பெஞ்சில் சாய்ந்திருந்தார். கடிகாரம் மூன்று பதினைந்து.

"வாங்க செல்லதுரை. பென்சன்ல வீட்ல சும்மா இருக்க மாட்டீங்களா?"

"இருந்தேன் ராஜாங்கம். உங்களைப் பாக்காம தூக்கம் வரல."

போஸ்ட்மாஸ்டர் கமருன்னிஸா நான் இருக்கும்போது புதிதாக வேலைக்கு வந்தவர். என்னிடம் பயிற்சி எடுத்தவர் என்று நான் சொல்வேன், அவர் இல்லை என்பார். பட்டியலையும் கவர்களையும் வாங்கி, ஒவ்வொன்றாக ஒத்துப்பார்க்கத் தொடங்கினார். அவர் பெயரைப் படிக்க, தங்கமணி பட்டியலில் கோடு போட, கட்டுக் கட்டாக நகர்ந்தது. நூறு. நூற்று எண்பது. ராஜாங்கம் எழுந்து வந்து கவுண்டரில் முழங்கையை ஊன்றினார்.

"உங்க கையில இருக்கிற கவர்ல தெருவே இல்லையே. அதைப் போய் எப்படி சேர்ப்பீங்க? அரைகுறை முகவரி. எழுதிக்கங்க மேடம், நான் ஆட்சேபிக்கிறேன்."

தங்கமணியின் விரல் பட்டியலில் அப்படியே நின்றது. மணி மூன்று நாற்பது.

கமருன்னிஸா நிமிரவில்லை. "சார், பட்டியல்ல என்ன இருக்கோ அது கவர்ல இருக்கான்னு பாத்து முத்திரை போடறது என் வேலை. கவர்ல உள்ளது அதே மாதிரி இருக்கு, காலி வரியோட. சேர்க்கிறது தபால்காரர் வேலை."

"சேராதுங்கறேன்."

உள்ளே பை கட்டிக்கொண்டிருந்த கண்ணுசாமி, புளியக்குறிச்சிக்குத் தபால் கொடுக்கிறவன், அங்கிருந்தே கேட்டான். "எந்தக் கவருங்க?"

ராஜாங்கம் அந்தக் கவரை எடுத்துப் படித்தார். என் பெரிய எழுத்தில் இருந்தது. "ராமாயி, கணவர் பேர் சுப்பன். ஊர் இருக்கு. தெரு எங்க?"

"வாய்க்கால் மதகைத் தாண்டி மூணாவது வீடு" என்றான் கண்ணுசாமி. "பெரிய கருப்பு ஆடு கட்டியிருக்கும், முட்டும். போன மாசம் என்னை முட்டிச்சு."

"முட்டத்தான் செய்யும். நீ விசில் ஊதுனே" என்றாள் ராமாயி, என் பின்னாலிருந்து.

ராஜாங்கம் கவரைக் கீழே வைத்தார். கமருன்னிஸா அதை எடுத்துக் கட்டில் சேர்த்து, அடுத்த பெயரைப் படித்தார். நூற்று எண்பத்தொன்று. தங்கமணி கோடு போட்டாள். நான் அந்தப் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரில் கடிகாரம் இல்லாத பக்கம் அதுதான்.

நானூற்றுப் பன்னிரண்டைப் படித்தபோது மூன்று ஐம்பத்தாறு. கமருன்னிஸா முத்திரையை மைத்தட்டில் தட்டி, பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் இறக்கினார். ஒவ்வொரு தட்டுக்கும் ராஜாங்கம் கண்ணை மூடித் திறந்தார். எட்டு, எட்டு, இரண்டாயிரத்து எட்டு. நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், தேதி அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

பிறகு ராஜாங்கம் தினமும் தபால் நிலையத்துக்கு வந்து, திரும்பி வந்த கவர் உண்டா என்று கேட்டார். மூன்று வந்தன. மூன்றும் மேலத்தெரு. கதவு எண், தெரு, ஊர், பின்கோடு எல்லாம் குறைவில்லாமல் இருந்தவை. அந்த மூவரும் வீட்டை விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போயிருந்தார்கள், பதிவேட்டில் மாற்றச் சொல்லவில்லை. வக்கீல் அதைக் கொண்டுபோய் நீட்டினார். பதிவேட்டு முகவரிக்கு அனுப்பியதற்கு முத்திரை இருக்கிறது, போதும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முப்பதாம் தேதி முந்நூற்றுத் தொண்ணூறு பேர் வந்தார்கள். வாய்க்கால் மதகைத் தாண்டிய அந்தப் பெயரில்லாத தெரு ஆட்கள் நாற்பத்திரண்டு பேரும் கையில் கவரோடு வந்து முன்வரிசைகளில் உட்கார்ந்தார்கள், யாரும் கேட்காமலே ஆளுக்கொரு நாற்காலி விட்டு விட்டு, தாராளமாக. குத்தகையைத் தொடரும் தீர்மானம் பதினொன்று நாற்பதுக்கு நிறைவேறியது. கையெழுத்துப் போட்ட கையோடு தங்கமணி நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.